பஞ்சு மட்டும் பார்த்த அழகு

குழுவுக்குத் தலைவி என்று அவளை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. முதல் கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். மேசைக்குப் பின்னால் கிடந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு வந்தவர்கள் பெஞ்சில், எதிரே உட்கார்ந்தார்கள். எதிரே நாலு பேர் உட்கார்ந்து நம் முகத்தையே பார்த்தால் ஏதாவது சொல்லத்தான் தோன்றும். அவள் சொன்னாள். அவர்கள் தலையாட்டினார்கள். அன்றிலிருந்து அவள் தலைவி.

நூலக மாடியறையில் வாரம் ஒருமுறை கூடி அமிகுருமி பின்னுகிற குழு அது. குரோஷே கொக்கியால் நூலைச் சுற்றிச் சுற்றிப் பின்னி, வயிற்றுக்குள் பாலியஸ்டர் பஞ்சை அடைத்துச் செய்கிற பொம்மைகள். கரடி, முயல், யானை. பின்னல் விரிய வேண்டிய இடத்தில் கண்ணியைக் கூட்டுவார்கள். சுருங்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்ணியை ஒன்றாக்கிக் குறைப்பார்கள். கூட்டுவது எல்லோருக்கும் வரும். ஆளைக் காட்டிக்கொடுப்பது குறைப்புதான். சாதாரணமாகக் குறைத்தால் அந்த இடம் முடிச்சு மாதிரி புடைக்கும், பக்கத்தில் ஓட்டை விழும், ஓட்டை வழியே வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்க்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கண்ணிக்கும் தலையில் முன்னும் பின்னுமாக இரண்டு இழை உண்டு. அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளின் முன்னிழையில் மட்டும் கொக்கியை விட்டு, நூலைச் சேர்த்து இழுத்து, ஒரே கண்ணியாக முடித்துவிட்டால் குறைத்த தடமே தெரியாது.

இந்தத் தெரியாத குறைப்பைக் குழுவுக்குக் கொண்டுவந்தவள் தலைவி. அதைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் தானாகத் தணியும். கேட்பவர்கள் கோயிலுக்குள் நிற்பதுபோல் நிற்பார்கள்.

ஆனால் குழுவின் எல்லாப் பொம்மைகளிலும் பஞ்சு தெரிந்தது. அதை யாரும் சொன்னதில்லை. தலைவியின் பொம்மையிலும் தெரிந்தது என்பதால், அது தெரிவதுதான் முறை என்று ஆளுக்கொரு சமாதானம் வைத்திருந்தார்கள். ஒருத்திக்கு நூல் மட்டம். இன்னொருத்திக்கு வெளிச்சம் சரியில்லை. தலைவிக்கு, பார்க்கிறவர்களின் கண் சரியில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வார்டு சிஸ்டர், நோயாளிக் குழந்தைகளுக்காகக் குழு அனுப்பிய பொம்மைப் பெட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதை வார்டுக்குள்ள விட முடியாது."

"ஏன், கலர் பிடிக்கலையா?" என்றாள் தலைவி.

சிஸ்டர் பெட்டியைத் திறந்தார். பெட்டிக்குள் கையை விட்டு மேலாக இருந்ததை எடுத்தார். தலைவியின் கருநீல யானை. அதன் கழுத்தோரம் சுண்டுவிரலை வைத்து லேசாக அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. வெளியே வந்தபோது கூடவே ஒரு கொத்துப் பஞ்சும் வந்தது.

"என் விரலே போகுதுன்னா குழந்தை விரல் போகாதா? இழுக்கும். இழுத்தா நேரா வாய்க்குத்தான்."

யானையின் கழுத்திலிருந்து தொங்கிய பஞ்சையே எல்லோரும் பார்த்தார்கள், இதுவரை பார்க்காததுபோல.

"அடுத்த வாரம் சரிபண்ணி எடுத்துட்டு வாங்க. நல்லா இருக்கிறது ஒண்ணை வாசல் கண்ணாடி அலமாரியில வைக்கிறதா சொல்லியிருந்தேன்ல, அது அப்படியேதான் இருக்கு. மத்ததைக் குழந்தைங்களுக்குக் கொடுத்துடலாம். ஆனா இப்படியே வந்தா ஒண்ணுகூட வேண்டாம்."

அந்தக் கண்ணாடி அலமாரியைத்தான் தலைவி நம்பியிருந்தாள். அதில் தன் யானை உட்காரப்போவதைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியாயிற்று. பல் வைத்தியரிடம் வாயைத் திறந்தபடியே சொல்லியாயிற்று. யானைக்குக் கீழே தன் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். வாழ்க்கையில் அவள் செய்த எதையும் யாரும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்ததில்லை. சமைத்ததை இல்லை, வளர்த்ததை இல்லை. இது ஒன்றுதான்.

சிஸ்டர் இறங்கிப் போனதும் தலைவி தீர்ப்புச் சொன்னாள். "பஞ்சு அதிகம். அதான் பிதுங்குது. எல்லாரும் பாதியை வெளிய எடுங்க."

"அண்ணி, பாதியை எடுத்தா தலை நிக்காதே," என்றாள் நாத்தனார். அவள் தலைவியின் கணவருக்குத் தங்கை, குழுவுக்கு எதிர்க்கட்சி. "இப்பவே என் முயல் தூங்கி வழியுது. எடுத்தா மூட்டை தூக்கினவன் மாதிரி குனிஞ்சிடும்."

"குனிஞ்சா அடக்கம். குழந்தைகளுக்கு அடக்கமான பொம்மைதான் நல்லது."

"ஓட்டை அப்படியேதானே இருக்கும்?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி. உங்க அண்ணனும் இப்படித்தான்."

அண்ணனை இழுத்ததும் பேச்சு முடிந்தது. அந்த வீட்டில் பேச்சை முடிக்க அது ஒன்று போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கணவர் தினசரியை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது, தலைவி யானையை மடியில் வைத்துப் பிரித்தாள். காதைத் தைத்த நூலை வெட்டினாள். தும்பிக்கையை எடுத்தாள். நூலால் தைத்திருந்த இரண்டு கண்களையும் உருவினாள். பிறகு மூடிய முனையைத் திறந்து, கை நுழையும்வரை கடைசிச் சுற்றுகளை அவிழ்த்துக்கொண்டே போனாள். பஞ்சை எடுத்தாள். ஓரங்களில் ஒட்டிக்கொண்டது வரவில்லை. காலுறையைத் திருப்புவதுபோல் யானையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி உதறினாள்.

உதறிய கை அப்படியே நின்றது.

மடியில் கிடந்தது வேறு யானை. வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன அம்புமுனைகள்போலக் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. எங்கே குறைத்தோம் என்று தேடினாள். கிடைக்கவில்லை. தானே குறைத்தது, தனக்கே கிடைக்கவில்லை. ஓட்டை இல்லை. குறுக்கே ஓடும் தளர்ந்த இழைகள் இல்லை. அவையெல்லாம் இப்போது உள்ளே போயிருந்தன.

அவளுக்கு மெல்லப் புரிந்தது. பின்னும்போது வட்டம் கிண்ணமாகக் குழியும். அது தானாக எந்தப் பக்கம் குழிந்ததோ அந்தப் பக்கமே விட்டு, கிண்ணத்தின் உள்ளே பார்த்தபடி, தனக்கு எதிரே இருந்த விளிம்பிலேயே பின்னிக்கொண்டு போயிருக்கிறாள். அவள் பார்த்துப் பார்த்துப் பிடித்த முன்னிழையெல்லாம் கிண்ணத்துக்கு உள்பக்கம். பிடிக்காமல் விட்ட பின்னிழைதான் ஊருக்குத் தெரிகிற பக்கம். தெரியாத குறைப்பைத் தெரியாத பக்கத்தில் செய்திருக்கிறாள். இத்தனை காலம் அந்த அழகைப் பார்த்தது பஞ்சு மட்டும்தான்.

மின்விசிறியின் காற்றில் தினசரி ஏறி இறங்கியது. மனிதன் தன் தவறைக் கண்டுபிடிக்கும் கணத்தில் முதலில் தேடுவது, வேறு யார் பார்த்தார்கள் என்பதைத்தான். கணவர் குறட்டை விட்டார். யாரும் பார்க்கவில்லை.

போன் பக்கத்தில்தான் இருந்தது. 'மூடுறதுக்கு முன்னாடி திருப்புங்க' என்று குழுவுக்கு ஒரு வரி அனுப்பினால் போதும். ஆனால் அந்த வரியைப் படிக்கிறவர்கள், இதுவரை ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே படிப்பார்கள். நாத்தனார் அதை உரக்கப் படிப்பாள்.

போனை எடுக்கவில்லை. கொக்கியை எடுத்தாள்.

நல்ல பக்கத்தை வெளியே வைத்து, தன் பக்கத்து விளிம்பில், முன்னிழை பிடித்துக் குறைத்தாள். திறப்பு அகலமாக இருக்கும்போதே பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துச் சின்னச் சின்னதாக உள்ளே விட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்குக் குச்சியால் குத்திக் கெட்டியாக்கினாள். இறுகிய பின்னல் அத்தனையையும் தாங்கியது. அமுக்கினால் ரப்பர் பந்துபோல் எதிர்த்தது. கண்ணிகள் விரியத் தொடங்குமுன் நிறுத்திக்கொண்டாள். மூடினாள். காது, தும்பிக்கை, கண். யானை நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் புதிய கண்களை மட்டும் அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் வார்டு வரவேற்பறை பெஞ்சில் குழு வரிசையாக உட்கார்ந்தது. மடியில் பாதிப் பஞ்சு போன பொம்மைகள். கரடிக்குக் கழுத்து ஒடிந்திருந்தது. நாத்தனாரின் முயல் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்தார். விரல் வைத்தார். விரல் போயிற்று. கீழே வைத்தார். கடைசியாக யானை. அழுத்தினார். இன்னொரு பக்கம் திருப்பி அழுத்தினார். நகத்தால் கிண்டிப் பார்த்தார்.

"இது அருமை. பஞ்சு இருக்கிற இடமே தெரியலை. எவ்வளவு கெட்டி!"

தலைவிக்கு உச்சி குளிர்ந்தது. இதற்காகத்தானே. ஆனால் சிஸ்டர் பேச்சை நிறுத்தவில்லை. "ஒரே குழுதானே நீங்க? உங்களுக்கு மட்டும் எப்படிம்மா வந்துச்சு?"

பெஞ்சிலிருந்த தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின.

"அக்கா சொன்னபடிதானே நாங்களும் செஞ்சோம்," என்றாள் கரடிக்காரி. "பாதியை எடுக்கச் சொன்னாங்க, எடுத்தோம்."

நாத்தனார் எழுந்து வந்து யானையைக் கையில் வாங்கினாள். ஒருமுறை அமுக்கினாள். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வரிசைகளைப் பார்த்தாள். தன் முயலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது வேற பக்கம்," என்றாள். "இல்லையா அண்ணி?"

தலைவி வாயைத் திறந்தாள். நூல் வேறு என்று சொல்லலாம். கைராசி என்று சொல்லலாம். அதை நம்பக்கூட இரண்டு பேர் இருந்தார்கள். எங்கோ உள்ளே ஒரு குழந்தை இருமியது.

"திருப்பணும்," என்றாள் தலைவி. "பஞ்சு வைக்கிறதுக்கு முன்னாடி. நான் சொல்லிக் கொடுத்ததுல நல்ல பக்கம் உள்ள போயிடுது."

"எப்போ தெரிஞ்சுது?" என்றாள் நாத்தனார்.

"ஞாயித்துக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று யாரும் கணக்குப் பண்ணவில்லை. பண்ணத் தேவையும் இல்லை. கரடிக்காரி மட்டும், "நல்லாயிருக்கு," என்றாள்.

வேலை நேரமாயிற்று என்று சிஸ்டர் யானையை எடுத்துப்போய்க் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "மத்தவங்க சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிக் கொடுத்தா வாங்கிக்கிறேன். இங்கேயே உட்கார்ந்து பண்ணுங்க, பரவாயில்லை." கீழே பெயர்ச் சீட்டு வைக்க நேரமில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பெஞ்சு முழுக்கக் கத்தரிக்கோல்கள் வேலை செய்தன. காதுகள் கழன்றன, கண்கள் உருவப்பட்டன, சுற்றுகள் அவிழ்ந்தன. ஒவ்வொரு பொம்மையும் திரும்பும்போது, "அட!" என்று ஒரு சின்னக் குரல் எழுந்து அடங்கியது. பரீட்சையில் பாஸானது வருஷம் கழித்துத் தெரிந்ததுபோல் ஒரு கோபமான சந்தோஷம்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம் என்று தலைவிக்குத் தோன்றியது. நினைத்ததெல்லாம் நடந்திருந்தது. உள்ளே வருகிறவர்கள் யானையைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒருவர், "மெஷின்ல செஞ்சது போல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து பக்கத்திலிருந்த கரடியை எடுக்கக் கை நீட்டினாள். "இருக்கட்டும்க்கா, நானே பாத்துக்கறேன்," என்று கரடி நகர்ந்துகொண்டது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியிலேயே வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த மடியில் திருப்பிய முயல் ஒன்று வந்து விழுந்தது. பின்னாலேயே ஒரு பை பஞ்சு.

"சும்மா உட்கார்ந்திருந்தா எப்படி? அடைங்க," என்றாள் நாத்தனார், அவள் முகத்தைப் பார்க்காமல். "கெட்டியா அடைங்க அண்ணி. அடக்கம் எல்லாம் வேண்டாம்."

தலைவி பஞ்சைப் பிய்க்கத் தொடங்கினாள்.