பதினாறு சுவர்கள்

எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். ஆறு வாரமாகப் பதினொரு பேர். ஆனாலும் சுவரில் ஒட்டியிருந்த காலாண்டுத் தாளில் பன்னிரண்டாவது பெயருக்கு நேரே திங்கட்கிழமைதோறும் யாரோ பென்சிலால் ஐந்து என்று எழுதிவந்தார்கள்.

2006ஆம் ஆண்டு ஒக்டோபர் முதல் வாரம் அது. மூன்றாம் காலாண்டு முடிந்து மீளாய்வுக் கூட்டம் நடத்தவேண்டிய நாள். மட்டக்களப்பு நகரில், ஷெல் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைத் தொடரும் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு என்ன காலாண்டு மீளாய்வு என்று கேட்பீர்கள். எங்கள் முதலாளி பதியுதீன் சேரிடம் கேளுங்கள். சிங்கப்பூரில் ஓர் அமெரிக்கக் கம்பனியில் ஏழு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, ஊரார் எல்லோரும் தொலைக்காட்சிப் பெட்டி கொண்டுவர, அவர் ஓ.கே.ஆர். என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று மாதத்துக்கு ஓர் இலக்கு. அதை எட்டினோமா இல்லையா என்று காட்ட, அளந்து பார்க்கக்கூடிய மூன்று முடிவுகள். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பொறுப்பாளர். திங்கட்கிழமை காலையில் பொறுப்பாளரே தாளில் நம்பிக்கை இலக்கம் எழுதவேண்டும். ஒன்று என்றால் நடக்காது, ஐந்து என்றால் பாதிக்குப் பாதி. பத்து என்றால் நிச்சயம் நடக்கும்; அதை எழுத நான் விடமாட்டேன். பத்து என்று ஒருவர் எழுதினால் அவர் குனிந்து எடுக்கிற மாதிரி இலக்கு வைத்திருக்கிறார் என்று பொருள். காலாண்டு முடிந்ததும் பூச்சியத்திலிருந்து ஒன்றுக்குள் புள்ளி. புள்ளி ஏழு வந்தாலே நல்ல காரியம்.

இதையெல்லாம் நடத்துகிறவள் நான், அன்னப்பூரணி. சேர் யோசனை சொல்வார், நான் ஆட்களை நச்சரித்து வேலை வாங்குவேன். "படம் இல்லாட்டிப் புள்ளி இல்ல" என்பது என் வாய்ப்பாடு. பெடியன்கள் எனக்குப் பின்னால் அதையே சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

நல்லரத்தினமும் சிரித்தவன்தான். கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்காரன், வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுவதும் அவனுக்கு உள்ளங்கை. விதைநெல் விற்கும் ஒரு வாடிக்கையாளருக்காக அவனிடம் ஓர் இலக்கைக் கொடுத்திருந்தோம். மாரி வெள்ளாமைக்கு முன்பே படுவான்கரை உழவர் வாயில் அந்த விதைநெல்லின் பெயர் முதலில் வரவேண்டும். முடிவு ஒன்று: இருநூறு உழவரிடம் கேட்டால் நூற்றுக்கு நாற்பது பேர் அந்தப் பெயரைச் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் பத்துப் பேர்தான் சொன்னார்கள். முடிவு இரண்டு: எட்டு உழவர் கூட்டம். முடிவு மூன்று: அறுபது சுவரில் விளம்பரம் எழுதுதல்.

திட்டமிடும் நாளில் சேர் மூன்றாவதைப் பார்த்து முகம் சுளித்தார். "அன்னம், சுவர் எழுதுற ஒரு வேலை. அது முடிவு இல்ல. எழுதினதால என்ன மாறிச்சு எண்டதுதானே முடிவு?" என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் சுவரை எண்ணலாம், படம் எடுக்கலாம், கோப்பில் ஒட்டலாம். எண்ண இலகுவானதை விட எனக்கு மனமில்லை. "இரிக்கட்டும் சேர்" என்றேன். இருந்தது.

காலாண்டின் ஏழாவது வாரம் நல்லரத்தினம் முப்பத்தெட்டுச் சுவர் என்றான். கோப்பில் இருபத்திரண்டு படம்தான் இருந்தது. சுவர் எழுதும் சாமித்தம்பி அண்ணன் தன் கையாலேயே எழுதியதாகச் சொல்லியும் நான் கேட்கவில்லை. தாளில் இருபத்திரண்டு என்று எழுதினேன்.

"அக்கா, இப்ப கமராவோட அங்கால போறது சரியில்ல. ஆமி, இயக்கம் ரெண்டு பக்கமும் ஆரு படம் புடிக்கான் எண்டுதான் பாக்காங்க" என்றான் நல்லரத்தினம்.

"அப்ப இருபத்திரண்டுதான்" என்றேன்.

எட்டாவது வாரம் புதன்கிழமை, அலுவலகத்துக் கமராவைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு மண்முனைத் துறைக்குப் போனான். வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர்கள் இல்லை. யார் பிடித்தார்கள், எந்தக் கரையில் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவன் மனைவி கண்ணகை பொலிசிலும் செஞ்சிலுவையிலும் முறைப்பாடு எழுதக் கிளம்பியபோது அலுவலகத்துக்கு வந்தாள். "அண்டைக்கு என்ன வேலையாப் போனவர் அக்கா?" என்று கேட்டாள். "உழவர் கூட்டம், வழமையான வேலைதான்" என்று சொல்லிவிட்டேன். கமராவைப் பற்றி மூச்சு விடவில்லை. அவள் முறைப்பாட்டிலும் அப்படியே எழுதினாள். ஆகவே எல்லோரும் கூட்டம் நடக்கவிருந்த ஊர்களில் அவனைத் தேடினார்கள். சோதனைச் சாவடியில் கமரா ஒன்று பிடிபட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ஐந்துகள் வரத் தொடங்கின. ஒன்பதாவது கிழமை அவன் பெயருக்கு நேரே ஐந்து. தலை திறந்து, வால் சுருண்ட ஐந்து, அவன் எழுதுவதைப்போலவே. அழித்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் மறுபடி இருந்தது. பத்தாவது கிழமை, பதினோராவது கிழமை. யாரையும் கேட்கத் துணிவில்லை. வாசலில் சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டால் அவன்தான் வருகிறான் என்று நிமிர்வேன். வருகிறானே என்று பயப்படுவேன். ஒரு மனிதன் உயிரோடு திரும்பி வந்துவிடுவானோ என்று பயந்தவள் நான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மீளாய்வு அன்று காலையிலேயே மின்சாரம் போய்விட்டது. வியர்த்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் தன் வரிக்குத் தானே முதலில் புள்ளி சொல்வார், காரணம் சொல்வார், பிறகுதான் மற்றவர்கள் பேசலாம். வடிவமைப்பு செய்யும் ஸஹீதா தனக்குப் புள்ளி ஏழு என்றாள். நாங்கள் ஏற்றோம். புதிய வாடிக்கையாளர் பிடிக்கும் பகுதி புள்ளி மூன்று. வீதி மூடிக்கிடந்ததைக் காரணம் சொன்னார்கள், அதையும் எழுதினேன். இப்படியே பதினொரு பேர் முடிந்தார்கள்.

பன்னிரண்டாவது வரி வந்தது. பொறுப்பாளர்தான் முதலில் பேசவேண்டும். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். யாருக்காகக் காத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அஞ்சு போட்ட நான்தான் புள்ள" என்றார் சாமித்தம்பி அண்ணன். "அவன்ட எழுத்தப் பாத்துப் பாத்து எழுதின. எழுத்து வரையிறதுதானே என்ட தொழில். அஞ்செண்டா ரெண்டும் இல்லதானே. வரவும் கூடும், வராமலும் விடக்கூடும். வெறுமையா விட்டா முடிஞ்சு போச்செண்டு ஆயிரும்."

சேர் மெதுவாக, "கருத்துக் கணிப்பு என்ன மாதிரி வந்த, இப்றாஹிம்?" என்று கேட்டார்.

இப்றாஹிம் துறையடியில் நின்று, படுவான்கரையிலிருந்து வரும் இருநூறு உழவரிடம் கேட்டு வந்திருந்தான். "விதைநெல் எண்டா மொதல்ல நெனவு வாற பேர் எது எண்டு கேட்டன் சேர். கம்பனிப் பேரச் சொன்னது முப்பத்தொரு பேர். எழுபத்திநாலு பேர் நல்லரத்தினம் எண்டாங்க. அத எந்தக் கட்டத்தில எழுதிற எண்டு தெரியல்ல. வேற எண்ட கட்டத்தில போட்டிரிக்கன். அந்தத் தம்பி எங்க, வயல் வட்டைக்கு வாறல்லியே எண்டு என்னயே திருப்பிக் கேட்டாங்க."

கணக்கு எனக்குத் தன்னாலேயே ஓடியது. நூற்றுக்குப் பத்திலிருந்து நாற்பதுக்குப் போகவேண்டியது பதினைந்தரைக்கு வந்திருக்கிறது, புள்ளி இரண்டு. எட்டுக் கூட்டத்தில் ஆறு, புள்ளி எட்டு. சுவர், படம் உள்ளவை மட்டும் என்றால் புள்ளி நான்கு. மூன்றையும் எழுதினேன்.

கடைசிக் கட்டம் "என்ன கற்றோம்" என்பது. மற்றவர்களுக்கு அதில் ஒரு வரியாவது எழுதாமல் நான் விட்டதில்லை.

"படம் கேட்டது நான்" என்றேன். "சுவர முடிவா வெச்சதும் நான், சேர் வேணாமெண்டு சொல்லியும். கணிப்ப மட்டும் வெச்சிருந்தா அவன் கமராவோட போயிருக்க மாட்டான். பொலிசுக்குக் கூட்டம் எண்டு சொல்ல வெச்சதும் நான்தான்."

ஸஹீதா அழத் தொடங்கினாள். சேர் என்னைத் தேற்றவில்லை. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்வேன். "கண்ணகைக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று பின்னேரமே போனேன். கண்ணகை முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த நெல்லைக் கீழே விடாமல் கேட்டாள்.

"எத்தின படம் குறஞ்ச அக்கா?"

"பதினாறு."

"பதினாறு சுவரா" என்றாள். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். இருவருமாகப் பொலிசுக்குப் போய் முறைப்பாட்டைத் திருத்தினோம். கமரா, நிறம் வெள்ளி, பை பச்சை, மண்முனைத் துறை, நேரம் எட்டரை. எழுதியவர், "இத ஏன் ஆறு கிழம கழிச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டார். கண்ணகை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்ன பதிலை அவர் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை புதிய காலாண்டுத் தாளை ஒட்டினேன். சுவர் என்ற வரி இல்லை, படம் என்ற சொல் எங்கும் இல்லை. பன்னிரண்டாவது பெயரை எழுதினேன். சாமித்தம்பி அண்ணன் பென்சிலோடு வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் கண்ணகை வாசலில் நின்றாள். வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அவர்ட பேருக்கு நேர கிழமைக்குக் கிழம இலக்கம் போடுவீங்களாமே. துறையடியில சொன்னாங்க" என்றாள்.

தாளைக் காட்டினேன். ஐந்து என்றால் என்ன, பத்து என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அண்ணனின் கையிலிருந்து பென்சிலை வாங்கி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் பத்து என்று எழுதினாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆதாரம் கேட்கவில்லை.