ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது

அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் நூற்றெண்பத்தேழு பேர் வேலை பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லோருடைய சம்பளமும் ஒரே ஒரு மேசையில்தான் தயாரானது. அந்த மேசைக்காரியைப் பெட்டி ஒட்டுகிறவர்களிலிருந்து லாரி ஓட்டுகிறவர்கள் வரை 'பே ஸ்லிப் அக்கா' என்றே கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாக இதே பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். சம்பளம் போடுகிறவளிடம் யார் வயதைப் பார்ப்பார்கள்?

வருடம் முடிந்ததும் அவளுக்கு ஒரு பெரிய வேலை வரும். ஒவ்வொருவருக்கும் இரண்டு தாள் வரும். ஒன்று, வருங்கால வைப்பு நிதி அலுவலகம் அனுப்பும் ஆண்டு அறிக்கை. இன்னொன்று, அவர் பெயரில் எந்த நிறுவனம் எவ்வளவு வரி பிடித்துக் கட்டியது என்று வரித்துறை தரும் ஆண்டு அறிக்கை. இரண்டிலிருந்தும் தொகையை எடுத்து வரிசையாக எழுதிக் கூட்ட வேண்டும். கூட்டினது, பன்னிரண்டு மாதச் சம்பளப் பதிவேட்டின் மொத்தத்தோடு ஒட்ட வேண்டும். கேட்பதற்குச் சுலபமான வேலை மாதிரி இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த வருடம் ஒட்டவில்லை.

முதல் நாள் வைப்பு நிதியில் பதினாறாயிரத்து இருநூறு இடித்தது. அதற்குக் காரணம் பக்கத்து மேசை டிக் அண்ணன். எதைக் கொடுத்தாலும் ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுப்பதால் வந்த பெயர். அறிக்கையில் ஊழியர் பங்கு ஒரு கட்டத்தில் இருக்கும், கம்பெனி பங்கு அடுத்த கட்டத்தில் இருக்கும். அண்ணன் பாதி ஆட்களுக்குக் கம்பெனி பங்கை எடுத்து எழுதியிருந்தார். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒரே தொகை என்பதால் தப்பு தெரியவில்லை. தானாக விரும்பிக் கூடுதலாகப் பிடிக்கச் சொன்ன ஐந்து பேரிடம்தான் குட்டு உடைந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தானேம்மா இருக்கு?" என்றார் அண்ணன்.

"ஒண்ணா இல்லாதவங்களுக்கு ஒண்ணா இல்லண்ணே."

"அதுவும் சரிதான்" என்று அந்த வாக்கியத்துக்கும் மனதுக்குள் ஒரு டிக் போட்டுக்கொண்டார்.

அதைச் சரி செய்ததும் வைப்பு நிதி பைசா பிசகாமல் உட்கார்ந்தது. அடுத்தது வரி. நாலாயிரத்து ஐநூற்று ஐம்பது வித்தியாசம். நாலாயிரத்து எழுநூறு என்று இருந்ததை அண்ணன் ஏழாயிரத்து நானூறு என்று எழுதியிருந்தார். இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இரண்டாயிரத்து எழுநூறு அப்படித்தான் இருந்தது. மிச்சம் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. அது ஒன்பதால் வகுபடவில்லை. எதாலும் அசையவில்லை.

அப்போதுதான் மேலாளர் உள்ளே நுழைந்தார்.

மேலாளர் வந்து ஒரு வருடம் முழுதாக ஆகவில்லை. கணக்கு வருடத்தின் ஏழாம் மாதம் வந்து சேர்ந்தவர். வந்த அன்றே, "நான் முன்னாடி இருந்த எடத்துல வாங்கினதுல பாதிதான் இங்க கேட்டேன், முதலாளியம்மா மேல இருந்த மரியாதைக்காக" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்தப் 'பாதி'யே இந்தத் தொழிற்சாலையில் யாரும் கண்ணால் பார்க்காத தொகை.

"எவ்வளவு உதைக்குது?" என்றார்.

அவள் சொன்னாள்.

அவர் சுவரிலிருந்த வெள்ளைப் பலகைக்குப் போய், உற்பத்தி இலக்கு எழுதியிருந்ததை அழித்துவிட்டு, சிவப்பு மையில் முழ நீளத்துக்கு எழுதினார்: 1,850. அடியில் இரண்டு கோடு.

"இந்தப் பணம் எங்க போச்சு? வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஆடிட்டர் வர்றார். அதுக்குள்ள தெரியலைன்னா நீங்க கிடங்குக்குப் போயிடுங்க. அங்க கேட் ரிஜிஸ்டர் எழுத ஆள் வேணும். மாற்றல் உத்தரவு டைப் பண்ணியாச்சு, கையெழுத்துதான் பாக்கி."

கிடங்கு ஊருக்கு வெளியே இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும், ஒன்றரை மணி நேரம். அவளுடைய மகள் படிக்கிற பள்ளிக்கூடம் இந்தத் தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. நாலரை மணிக்கு வாசலில் நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையை அழைத்து வர வேறு ஆள் கிடையாது. கணவன் கப்பலில், வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில். கிடங்குக்குப் போனால் வேலையை விட வேண்டியதுதான். அது மேலாளருக்கும் தெரியும்.

மூன்று நாள் அந்த எண் சுவரில் நின்று அவளை முறைத்தது. அதைவிட மோசம், மேலாளர் போகும்போதும் வரும்போதும் அதைக் குரலெடுத்துப் படித்ததுதான். "ஆயிரத்து எண்ணூத்து ஐம்பது! யார் வாயில போச்சோ!" கேன்டீன்காரரிடம் சொன்னார். லாரிக்காரர்களிடம் சொன்னார். முதலாளியம்மாவிடம் போனில் சொன்னதைக் கதவு திறந்திருந்ததால் எல்லோரும் கேட்டார்கள். ஊரே மனப்பாடம் செய்துவிட்டது.

அவளுக்குப் புரியாத ஒன்று இருந்தது. திருட்டு என்றால் பதிவேட்டில் அதிகம் இருக்கும், அறிக்கையில் குறைவாக இருக்கும். பிடித்த வரியைக் கட்டாமல் முழுங்கினார்கள் என்று அர்த்தம். இங்கே தலைகீழ். அறிக்கையில்தான் அதிகம். கம்பெனி பிடிக்காத வரியை எவன் கட்டுவான்?

"நம்ம கம்பெனிமேல பிரியப்பட்டு யாராவது கட்டியிருப்பாங்களோ?" என்றார் டிக் அண்ணன்.

"அண்ணே, சும்மா இருங்க."

வெள்ளிக்கிழமை காலை நூற்றெண்பத்தாறு பேரையும் ஆள் ஆளாகப் பதிவேட்டோடு ஒப்பிட்டு முடித்தாள். ஒரு பைசா பிசகவில்லை. வருட நடுவில் சேர்ந்த இரண்டு பேரின் அறிக்கையில் பழைய நிறுவனத்துக்கு ஒன்று, இந்த நிறுவனத்துக்கு ஒன்று என்று இரண்டு பதிவுகள் இருந்தன. அவள் சரியாக இந்த நிறுவனத்தின் வரியை மட்டும் எடுத்திருந்தாள். கீழே இருக்கும் மொத்தத்தை எடுத்திருந்தால் பழைய நிறுவனத்து வரியும் சேர்ந்து…

அப்படியே பேனாவைக் கீழே வைத்தாள்.

நூற்றெண்பத்தேழாவது ஆள் ஒருவர் இருந்தார். அவர் அறிக்கையை அவள் பார்த்ததே இல்லை. மேலாளர் சம்பளம் ரகசியம். அதை முதலாளியம்மாவே கவனிப்பார், பதிவேட்டின் மொத்தத்தில் மட்டும் கலந்து வரும். மேலாளர் தன் அறிக்கைகளை உறையில் போட்டு ஒட்டித் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டு, தொகைகளை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். 'சரிபார்க்கப்பட்டது' என்று பெரிய கையெழுத்து வேறு. மேலாளர் கையெழுத்தைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? அவளுக்கும் மூன்று நாள் தோன்றவில்லை.

பதிவேட்டின் மொத்தத்திலிருந்து மற்ற நூற்றெண்பத்தாறு பேரின் வரியைக் கழித்தாள். மேலாளருக்குக் கம்பெனி பிடித்த வரி வந்தது. சீட்டில் அதைவிட அதிகமாக இருந்தது. எவ்வளவு அதிகம் என்பதைக் கழித்துப் பார்க்கவே தேவையில்லை, சுவரைப் பார்த்தால் போதும்.

அப்புறம்தான் இரண்டாவது இடி விழுந்தது. ஆறு மாதத்துக்குப் பழைய நிறுவனம் பிடித்த வரி வெறும் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதா? மாதத்துக்கு முந்நூற்றுச் சொச்சமா? அவளுக்கே மாதம் நானூற்று இருபது பிடிக்கிறார்கள்! எப்படி வளைத்துப் பார்த்தாலும், மேலாளர் முன்பு வாங்கிய சம்பளம் அவள் சம்பளத்தைவிடக் குறைவு.

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. இந்த ஆளுக்காகவா மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தோம்?

மேலாளர் அறைக்குப் போனாள்.

"கதவைச் சாத்திக்கட்டுமா சார்?"

"எதுக்கு? இங்க ஒளிவுமறைவே கிடையாது. எல்லாரும் கேக்கட்டும்!"

"அப்ப உங்க வரி அறிக்கையை எடுங்க சார். சீட்டுல, அறிக்கையோட அடியில இருக்குற மொத்தத்தை எழுதியிருக்கீங்க. மொத்தத்துக்கு மேல என்ன இருக்குன்னு படிங்க."

அவர் கெத்தாக உறையைக் கிழித்தார். ஊருக்கே கேட்கிற குரலில் படித்தார். "பிடித்தம் செய்த நிறுவனம் ஒன்று, பழைய…"

குரல் பாதியில் நின்றது. முகம் வெளிறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டுக் கண்ணாடி வழியே சுவர்ப் பலகையைப் பார்த்தார். வாசித்துக்காட்டிய ஒவ்வொரு தடவையும் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும்.

"இது… இதை 'இதர'ன்னு போட்டுடலாமே?"

"'இதர'ன்னு போட்டா ஆடிட்டர் நோண்டுவார் சார். 'முந்தைய நிறுவனம் பிடித்த வரி, நம் கணக்கில் சேராது'ன்னு நேரா எழுதினா பார்த்துட்டுப் போயிடுவார்."

"யாருக்கும் தெரிய வேணாம்மா."

அந்த 'அம்மா' அவள் காதில் புதிதாக விழுந்தது. ஒரு நிமிடம் அந்த ஆள்மேல் பாவமாகக்கூட இருந்தது. மாதம் முந்நூறு வரி கட்டின சம்பளத்தில் இவரும் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டியிருப்பார், மாசக் கடைசியை எண்ணியிருப்பார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். மாற்றல் உத்தரவு?"

அவர் அதை எடுத்து நாலாகக் கிழித்தார்.

நாலு மணிக்கு ஆடிட்டர் வந்தார். அவள் எழுதி வைத்திருந்த அந்தக் குறிப்பைப் படித்தார், "ஓ, நடுவுல சேர்ந்தவரா" என்றார், அடுத்த பக்கம் போனார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. டிக் அண்ணன் ஆடிட்டருக்கு முன்னாடியே ஒரு டிக் போட்டு வைத்திருந்தார். நாலு இருபதுக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மகள் வாசலில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், ஒரு வார் அறுந்திருந்தது. புதுச் செருப்பு இந்த மாதமா அடுத்த மாதமா என்று வழக்கம்போல யோசித்துக்கொண்டே நடந்தவள், பாதி வழியில் நின்றுவிட்டாள்.

அன்று இரவு அவளுக்கு ஒரே யோசனை. அந்த மனுஷன் திறமையால் இந்தச் சம்பளத்துக்கு வரவில்லை. கேட்டு வந்தார். வாயைத் திறந்து ஒரு தொகையைச் சொன்னார், முதலாளியம்மா கொடுத்தார். பதினோரு வருடமாக நூற்றெண்பத்தாறு பேருக்குச் சம்பளம் போட்டவள் ஒரு தடவைகூட தன் வாயால் ஒரு தொகையைச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை மேலாளர் முன்னால் ஒரு தாளை வைத்தாள். சம்பள உயர்வு விண்ணப்பம். தொகை எழுத்திலும் எண்ணிலும் இருந்தது.

மேலாளர் பார்த்தார். முகம் சுருங்கியது. "இது… அந்த விஷயத்துக்காகவா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அது வேற சார், இது வேற. அதை நான் வெள்ளிக்கிழமையே மறந்துட்டேன். நீங்க மாட்டேன்னாலும் என் வாயிலேர்ந்து அது வராது."

"அப்புறம் எப்படி இவ்ளோ தொகை? எந்தக் கணக்குல?"

"கணக்கு எதுவும் இல்ல சார். நீங்களும் கணக்குப் பார்த்தா கேட்டீங்க?"

மேலாளர் தாளை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் இல்லை. பேனாவைத் திறந்து, 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதினார். கையெழுத்துப் போடுவதற்கு முன் நிமிர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேட்டிருக்கலாம்மா நீங்க. முதலாளியம்மா எப்படியும் கொஞ்சம் குறைப்பாங்க."

அவள் தாளை அவரிடமிருந்து இழுத்தாள். இரண்டு இடத்திலும் தொகையை அடித்துவிட்டு வேறு தொகை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, திரும்பக் கொடுத்தாள்.