நான் சொல்லாத "இடது"

ஞாயிறு, மாலைத் தேநீருக்குப் பிறகு.

இந்தத் தியான முகாமில் எழுத அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். நடந்ததை மட்டும் எழுத வேண்டுமாம். நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லக் கூடாதாம். எனக்கா சொல்லித் தர வேண்டும்? நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதைச் சொன்னது சொன்னபடி தட்டச்சு செய்வதுதான் என் பிழைப்பு. கொலைகாரன் அழுதாலும் கமா இடத்தில் கமாதான் போடுவேன்.

விடிகாலை அமர்வு. மூச்சு மூக்கு நுனியில் தொடும் இடத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். நாலு மூச்சு ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவதில் மனம் வீட்டு சமையலறைக்குப் போய் கேஸை மூடினேனா என்று பார்த்தது. "நினைப்பு" என்று பெயர் வைத்துவிட்டுத் திரும்பினேன். பின்னால் ஒருவர் எச்சில் விழுங்கினார். "சத்தம்." அவர் மறுபடி விழுங்கினார். "சத்தம்." மூன்றாம் முறை எழுந்துபோய்த் தொண்டையில் ஒன்று போடலாமா என்று தோன்றியது. "எரிச்சல்." இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் போகவில்லை.

இடது முழங்கால் வலித்தது. அசையாமல் அதையே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்த்தேன். முதலில் ஒரே கட்டியாக இருந்தது. பிறகு அதற்குள் சூடு தனி, குத்தல் தனி, துடிப்பு தனி என்று பிரிந்தது. ஒரு கட்டத்தில் துடிப்பு மட்டும் மிச்சம். வலி போகவில்லை, ஆனால் அதனோடு எனக்கிருந்த சண்டை போயிருந்தது. இதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. சரி, "பெருமை."

அடுத்தது உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை கவனத்தை மெல்ல இறக்கும் பயிற்சி. நெற்றி, தாடை, தோள், முதுகு என்று சமர்த்தாக இறங்கியது. இடுப்புக்கு வந்ததும் நின்றுவிட்டது. நேற்றும் இதே கதைதான். தொடைக்குத் தள்ளினால் மறுபடி மேலே ஏறி, விலா எலும்புக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அங்கே ஏன் உட்காருகிறது என்பது எனக்குத் தெரியும். அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. என் சிறுநீரகம் ஒன்று அக்காவுக்குப் போகிறது. என் வரிசைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்த கையோடு என்னை இங்கே இழுத்துக்கொண்டு வந்தாள். நாளை காலை அடுத்த டயாலிசிஸ்.

"ரெண்டு நாள் வாயை மூடிட்டு உக்காருடி. ஆபரேஷனுக்கு முன்னாடி மனசு லேசாகும்" என்றாள். என் மனசைப் பற்றி அவ்வளவு கவலை என்று நெகிழ்ந்துபோனேன்.

பத்து மணிக்குத் தனிச் சந்திப்பு. ஆளுக்குச் சில நிமிடம் பயிற்சியாளரிடம் பேசலாம். அவருக்கு நான் வைத்த பெயர் பட்டுக்குரல். கோபமே வராத குரல், கேட்டால் நமக்குக் கோபம் வரும். ஆனாலும் அந்த அறையில் என் வாய் திறந்துகொண்டது.

"ஒரு விஷயத்துக்கு ஒத்துக்கிட்டேங்க. இப்ப பயமா இருக்கு. உடம்பைக் கவனிச்சா இடுப்புக்கிட்ட வந்து நின்னுடுது. செய்ய வேணாம்னு தோணுது. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

"பயம்னு பேர் வெச்சுட்டுப் பாத்துக்கிட்டே இருங்க."

"இது வெளில போகாதுல்ல?"

"இந்த ரூமைத் தாண்டாது."

அவ்வளவுதான் நான் பேசியது. நேற்றிலிருந்து அடக்கிய பேச்சு வெளியே போனதாலோ என்னவோ, மதியம் நடைத் தியானத்தில் பாதம் தரையில் பதிவது முழுசாகத் தெரிந்தது. குதிகால், உள்ளங்கால், விரல்கள். இரண்டு நாளில் அந்தக் கால் மணி நேரம்தான் எனக்குக் கிடைத்த அமைதி.

பிறகு உரை. நாங்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, பட்டுக்குரல் ஒரு கதை சொன்னார்.

"ஒரு தங்கச்சி. அக்காவுக்குத் தன்னோட இடது சிறுநீரகத்தைக் கொடுக்க ஒத்துக்கிட்டா. ஆனா கண்ணை மூடினா கவனம் இடுப்புல வந்து நின்னுடும். பயம். அந்தப் பயத்தை அவ பாத்துக்கிட்டே இருந்தா. அது கரைஞ்சுபோச்சு. சந்தோஷமா கொடுத்தா. இன்னிக்கு ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

காது சூடாயிற்று. அறையைத் தாண்டாது என்றாரே, மைக்கையே தாண்டிவிட்டது! கண்ணைத் திறந்து அக்காவின் முதுகைப் பார்த்தேன். அவள் திடுக்கிடவில்லை. தோள் ஒரு நூல்கூட அசையவில்லை.

அப்போதுதான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. சாட்சி சொல்லாத வார்த்தை பதிவில் இருந்தால் என் கண்ணில் உடனே உறுத்தும். "இடுப்பு" நான் சொன்னது. "பயம்" நான் சொன்னது. "அக்கா" நான் சொல்லவில்லை. "சிறுநீரகம்" சொல்லவில்லை. "இடது" சத்தியமாகச் சொல்லவில்லை. அது டாக்டருக்கும் எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும்.

அப்படியென்றால் எனக்கு முன்பே ஒருத்தி அந்த அறைக்குள் போய்வந்திருக்கிறாள். என் மனசை லேசாக்க இங்கே கூட்டிவரவில்லை; பதப்படுத்தக் கூட்டிவந்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவள், முன்பின் தெரியாத ஒருவரிடம் என்னை ஒப்படைத்துவிட்டு முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். பட்டுக்குரல் செய்தது துரோகம் என்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது? வாயில் கசந்தது. அழுகை வந்தது, அதை விழுங்கினேன். பின்னால் இருந்தவருக்கு அது "சத்தம்."

தேநீர் வேளை. அக்காவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அதனால் தன் கோப்பையில் பாதியைப் பேசாமல் என் கோப்பையில் ஊற்றிவிடுவாள். இன்றும் ஊற்றினாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்த அந்தக் கை என் முன்னால் நீண்டது.

"இடதுன்னு அவருக்கு யாரு சொன்னது, அக்கா?"

கேட்டுவிட்டேன். சாப்பாட்டுக் கூடமே திரும்பியது. காலையில் பேசிய நாலு வார்த்தை தவிர இரண்டு நாள் பேசாத தொண்டை, யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி கரகரத்தது.

அக்கா மறுக்கவில்லை. கோப்பையையே பார்த்தாள்.

"பயமா இருந்துச்சுடி. கொஞ்ச நாளா உன் முகமே சரியில்ல."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே? குடுக்கிறியான்னு நீ ஒரு நாள் கேட்டிருக்கியா? அம்மா கேட்டாங்க, அத்தான் கேட்டாரு, ஆஸ்பத்திரில கேட்டாங்க. நீ கேட்டியாக்கா?"

"கேட்டா நீ நிஜத்தை சொல்லிடுவ. அதான் கேக்கல."

மணியடிப்பவர் வந்து உதட்டில் விரல் வைத்தார். அக்கா எழுந்து போனாள். அவள் ஊற்றிய தேநீரைக் குடித்தேன். ஆறியிருந்தது.

எழுதுமுன் இங்கேயே கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் பார்த்தேன். நெற்றி, தாடை, தோள், முதுகு. கவனம் இடுப்புக்கு வந்தது. நிற்கவில்லை. தொடை, முழங்கால், பாதம் என்று தன்பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டது. எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

மருத்துவமனையில் ஆலோசகரான ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், வீட்டில் "தானம் தர இவங்க ஏத்தவங்க இல்ல" என்று மட்டும் சொல்லிவிடுவோம் என்று. அந்தப் போர்வை எனக்கு வேண்டாம். நாளை காலை, இனிப் பேசலாம் என்று மணி அடித்ததும், தர மாட்டேன் என்று அக்காவிடம் நானே சொல்வேன். நீ என்னை ஏமாற்றியதற்காக இல்லை. அது ஆறுமா என்று தெரியாது, அது வேறு கணக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது, என்னால் முடியாது, அதற்காக. அவள் அடுத்த ஊசிக்குப் போகும் வழியில் இதைக் கேட்பாள். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இதற்கும் "நினைப்பு" என்று பெயர் வைத்துவிட்டு மூச்சுக்குத் திரும்பச் சொல்வார் பட்டுக்குரல். வைக்க மாட்டேன். இது நான் சொன்னது. சொன்னது சொன்னபடி இருக்கட்டும்.