இடது கட்டம், வலது கட்டம்

உயிரியல் டீச்சர் செல் பகுப்புக்கு அட்டவணை போட்டால் இடது பக்கம் தாய்ச்செல்லின் நகலாகவே செல்கள் பிறக்கும் மைட்டாசிஸ், வலது பக்கம் குரோமோசோம் பாதியாகும் மியாசிஸ். வருஷம் முழுக்க இதையே பலகையில் எழுதிப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றியிருந்தாள்.

தேர்வுத்தாள் தயாரித்தது பக்கத்து வகுப்பு வாத்தியார். அந்த மனுஷன் இடது பக்கம் மியாசிஸ், வலது பக்கம் மைட்டாசிஸ் என்று அச்சடித்துத் தொலைத்திருந்தார். தலைப்பை யார் படித்தார்கள்? ‘ஒரு பகுப்பு, இரண்டு செல்கள், மனிதனுக்கு அதே 46 குரோமோசோம்கள்’ என்று வகுப்பே இடது கட்டத்தில் கொட்டியது. டீச்சரும் தலைப்பைப் பார்க்காமலே முழு மதிப்பெண்ணை வாரி வழங்கினாள். அவள் ‘தூங்குமூஞ்சி’ என்று பட்டம் கட்டியிருந்த கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கு மட்டும் முட்டை.

தாள் கொடுத்த அன்று தூங்குமூஞ்சி மேசைக்கு வந்தாள். கையில் பக்கத்தில் இருந்தவளின் முழு மதிப்பெண் தாள்.

“மிஸ், என் முழங்கால்ல அடிபட்ட இடத்துல புதுத்தோல் வந்திருக்கு. அது மைட்டாசிஸ்தானே?”

“ஆமா, அதுக்கென்ன இப்போ?”

“நீங்க டிக் போட்டதுல மைட்டாசிஸ்னா ரெண்டு பகுப்பு, நாலு செல், 23 குரோமோசோம்னு இருக்கு. அப்போ என் முழங்காலுக்குப் பாதிதான் வந்திருக்கா?”

டீச்சர் அப்போதுதான் தலைப்பைப் படித்தாள். குரல் இறங்கியது. “நான் குடுத்த அட்டவணையை நீ மனப்பாடம் பண்ணலையா?”

“அப்பெல்லாம் தூங்கிட்டேன் மிஸ். அப்புறம் வீட்ல புத்தகத்தைப் படிச்சேன்.”

டீச்சர் மற்ற தாள்களையும் திரும்ப வாங்கிப் புரட்டினாள். தாளுக்குத் தாள் அதே தப்பு, இம்மி பிசகாமல், அச்சு அசல் அவளுடையது. மைட்டாசிஸை அவள் இவ்வளவு நன்றாக நடத்தியதே இல்லை.