ஜூன் மாதத்து விற்பனை

நேசகுமாருக்கு ஒரு கெட்ட பழக்கம். கஷ்டம் என்று வாய் திறந்து சொல்ல வராது. சித்தூரில் அவருடைய மாம்பழக்கூழ் ஆலை தவணை கட்டாமல் அறுபத்திரண்டு நாள் ஆகிறது, தொண்ணூறைத் தாண்டினால் வாராக்கடன், ஆலையோடு வீடும் போய்விடும். அப்போதும் சர்ச் வாசலில், "நல்லா போய்க்கினு இருக்கு" என்பார். மனைவி அபிகாயில் வீட்டில் டியூஷன் எடுப்பதைப் பற்றிக் கேட்டால், "சும்மா பொழுதுபோக்குங்க" என்பார். அப்படி ஒரு மனுஷன்!

கடனைத் திருத்தி அமைக்கச் சொல்லி வங்கிக்குக் கடிதம் எழுதினார். ஆடிட்டரை வைத்து ஐந்து வருட வரவு செலவுக் கணிப்பையும் ஜோராகச் சேர்த்தார். கிளை பரிந்துரைத்து அனுப்ப, திருப்பதி மண்டல அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கணவன் மனைவி இருவரும் போனார்கள்.

அதிகாரி கோவர்த்தனன் திருத்தணியிலிருந்து தினமும் வந்து போகிறவர். நிதானமாகத் தாள்களைப் புரட்டினார்.

"ஜூன்ல பதினெட்டு லட்சம் விற்பனை போட்டிருக்கீங்க. ஜூன்ல நீங்க பழம் வாங்கிக்கினு இருப்பீங்களே சார்?"

அதிகாரி அடுத்த தாளுக்குப் போனார்.

"கூழ் விலையும் விழுறதுக்கு முன்னால இருந்த விலை. இந்தக் கணக்குப்படி தவணையைப் போல ரெண்டரை மடங்கு மிஞ்சுது. அப்புறம் எதுக்கு சலுகை?"

வெட்கத்தில் நேசகுமாருக்குக் காது சுட்டது. அபிகாயில் பையிலிருந்து நான்கு தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது நான் போட்டது சார். இன்னிக்கு விலைதான். ஏப்ரல்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் பணம் கையிலிருந்துதான் போவும். ஏற்றுமதிப் பணம் அக்டோபருக்கு மேலதான் வரும். அதுவரைக்கும் வட்டி மட்டும் கட்டுறோம். அசலை அக்டோபர்லருந்து மார்ச்சுக்குள்ள பெரிய தவணையா கட்டுறோம். ரெண்டு வருஷம் கூடுதலா குடுங்க."

கோவர்த்தனன் அதை மூன்று வருட வங்கிக் கணக்கோடு வரிவரியாக ஒப்பிட்டார். மாதங்கள் பொருந்தின. வருடத்துக்குக் கூட்டினால் மிஞ்சும் பணம் தவணையைப் போல ஒன்றேகால் மடங்கு வந்தது.

"இப்பத்தான் நீங்க ஏன் கேக்குறீங்கன்னு புரியுது. இதை மேலே அனுப்பலாம்." பேனா ஒரு வரியில் நின்றது. "ஆலையிலருந்து குடும்பச் செலவுக்கு எடுக்குறது மாசம் ஏழாயிரம். இதுல எப்படிம்மா? ஆகாத கணக்கா எழுதக் கூடாது."

"ரெண்டு வருஷமா அவ்ளோதான் எடுக்குறோம் சார். மீதிக்கு டியூஷன் பணம் வருது."

"இந்தத் தாள்ல அந்த வரவு எங்கே?"

அபிகாயில் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஏழாயிரத்தில் தன் வீடு நடக்கிறது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்த தன் மேல் நேசகுமாருக்குக் கோபமாக வந்தது.

"எவ்ளோ வருது?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பதினாலாயிரம்."

அதிகாரியிடம் பேனாவை வாங்கி, வரவுப் பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார். 'மனைவி அபிகாயில் சம்பாதிப்பது, மாதம் 14,000.' அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.