பன்னிரண்டாவது பெயர்

சேமிப்புக் கிடங்கில் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். அவள் கணவனுக்கு கூட்ஸ் வண்டி. இருவரும் பண்டிகைச் சீசனுக்கென்று ஏஜென்சி மூலம் இரண்டரை மாதத்துக்கு வந்தவர்கள். கையடக்க ஸ்கேனர் காட்டும் அலமாரிக்கு ஓடி, பொருளை எடுத்து, ‘பீப்’ என்று ஸ்கேன் செய்து கூடையில் போட வேண்டும். யார் பெயரில் கொடுத்த ஸ்கேனரோ, அவர் கணக்கில் எண்ணிக்கை ஏறும். அவள் மணிக்கு நூற்றிருபது எடுப்பாள். அவனுக்கு அறுபதைத் தாண்டுவதற்குள் முழங்கால் கெஞ்சும்.

“இதே மாதிரி ஓடும்மா. சீசன் முடிஞ்சதும் கம்பெனி நேரடியா ஆள் எடுக்கும். உனக்கு நிரந்தரம் உறுதி” என்றார் ஷிஃப்ட் லீடர். நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்ப்பதால் அவருக்கு மணிக்கூண்டு என்று பெயர். வேலை போய் ஏழு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்த கணவன் அதைக் கேட்டு, தனக்கே கிடைத்ததுபோல் பூரித்தான். அந்த முகத்துக்காகவே அவள் இன்னும் வேகமாக ஓடினாள்.

மூன்றாவது வாரம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். எண்பதுக்குக் கீழே இருப்பவர்கள் அடுத்த வாரம் வரவேண்டாம். அவனுக்கு அறுபத்திரண்டு.

“என்னை அனுப்பிடுவாங்க” என்றான், சாப்பாட்டு மேசையில், பருக்கையைத் தள்ளிக்கொண்டே.

“அனுப்பமாட்டாங்க. உங்க ஸ்கேனரை எங்கிட்ட குடுங்க. என்னுதை நீங்க வச்சுக்குங்க. கடைசி மூணு மணி நேரம் மட்டும்.”

“மாட்டினா ரெண்டு பேரையும் தூக்கிடுவாங்கடி.”

“பக்கத்துப் பக்கத்து வரிசை. யாரு பார்க்கப்போறா?”

யாரும் பார்க்கவில்லை. பலகையில் அவன் எண்பத்து நாலானான். அவள் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கினாள். “எக்ஸ்பிரஸ் எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குதே!” என்று பேக்கிங் மேசைக்காரி கிண்டலடித்தாள். அவளும் சிரித்துவைத்தாள்.

அப்புறம் மணிக்கூண்டு அறிவித்தார்: நிரந்தரம் பன்னிரண்டு பேருக்கு. கடைசி மூன்று வாரச் சராசரிதான் கணக்கு. விரும்புகிறவர்கள் வெள்ளிக்குள் விண்ணப்பம் தரவேண்டும். இருவரும் தந்தார்கள்.

“இன்னும் ஒரே ஒரு மணி நேரம்” என்றான் அவன். “எண்பத்து நாலை வச்சு எவன் என்னை எடுப்பான்? நீ எப்படியும் உள்ளே போயிடுவே. ரெண்டு பேரும் போனா நல்லதுதானே?”

கேட்ட விதம் அப்படி. காதலித்த நாளில் கேட்டது போலவே தலையைச் சாய்த்துக் கேட்டான். பாதி ஷிஃப்ட் அவளுடைய ஓட்டம் அவன் பெயரில் போனது.

பட்டியல் வந்த அன்று மணிக்கூண்டு அவளைத் தனியே அழைத்தார். பன்னிரண்டாவது பெயர் கணவனுடையது. அவளுடையது பதின்மூன்றாவது.

“ரெண்டு பேருக்கும் தொண்ணூற்றொண்ணு. சமமா வந்தா வருகைப் பதிவைப் பார்ப்போம். அவர் ஒரு நாள்கூட லீவு போடலை. நீ ஒரு நாள் போட்டிருக்கே.”

இரண்டாவது வாரத்தில் அந்த ஒரு நாள் மாமியாருக்குக் காய்ச்சல். “ஏற்கெனவே மெதுவா எடுக்கிறேன், லீவும் போட்டா என்னை அனுப்பிடுவாங்க, நீ இரு” என்று சொன்னது அவன்தான்.

“முதல் மூணு வாரம் நூற்றிருபது ஓடினே. அப்புறம் என்ன ஆச்சு உனக்கு? அலுப்புத்தட்டிப் போச்சா?” உண்மையான வருத்தத்தோடுதான் கேட்டார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே கணவன் நின்றுகொண்டிருந்தான். கதவு பாதி திறந்திருந்தது. அவன் உள்ளே வரவில்லை. குனிந்து ஷூ நாடாவைக் கட்டினான். ஏற்கெனவே கட்டியிருந்த நாடாவை.

“ஆமா சார். அலுத்துப்போச்சு.”

“அடுத்த சீசனுக்குக் கண்டிப்பா கூப்பிடுவோம். நல்ல ஆள்னு குறிச்சு வச்சிருக்கேன்.” கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அவள் கழுத்து அட்டைக்காகக் கையை நீட்டினார்.

வீட்டு வாசலில்தான் அவன் வாய் திறந்தான். “நான் போய் நடந்ததைச் சொல்லிடட்டுமா?”

“சொல்லுங்க.”

அவன் சாவியைத் தேடினான். வெகுநேரம் தேடினான். “சொன்னா ரெண்டு பேருக்கும் இல்லாம போயிடுமே.”

“தெரிஞ்சுதான கேக்கறீங்க?”

மாமியார் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். “எம்புள்ள உழைப்புக்குக் கிடைச்சது!”

திங்கட்கிழமை காலை அவன் கம்பெனியின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் காலை நீட்டினான். மூன்று மாதம் தகுதிகாண் காலம். நிரந்தர ஆள் மணிக்கு நூறு எடுத்தாக வேண்டும். அதைச் சொன்ன நியமனத் தாள் மேசைமேல் கிடந்தது. நேற்று அதை நாலு தடவை படித்திருந்தான்.

அவள் மண்டியிட்டு முழங்கால் பட்டையைச் சுற்றினாள்.

“முடியுமா என்னால?” என்றான், தலையைச் சாய்த்து.

அவள் நிமிரவில்லை. “இறுக்கமா கட்டட்டுமா?” என்று மட்டும் கேட்டாள்.