திரளை விழுந்த இடம்

தாராவித் தோல் பட்டறையில் ஒட்டுப்பசை சொல்யூஷன் நெடி மண்டையைக் குடைந்தது. சாப்பாட்டு நேரத்தில் சுடலைக்கண்ணன் போனை எடுத்து, ஊர்க்காரர்களின் ஃபேஸ்புக் குழுவுக்குப் பதிவு எழுதிக்கொண்டிருந்தான். படிப்பவர்களெல்லாம் மஸ்கட், தோகா, சிங்கப்பூர் என்று கிடப்பவர்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். முதல் வரியில் ஒரு வாசம், அப்புறம் ஆச்சி, கடைசியில் ஒரு சிரிப்பு. வருகிற வெள்ளிக்கிழமை ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை விழா. அதையே எழுதினான்.

"பிச்சிப்பூ வாசம் வந்தால் எனக்கு ஆச்சி ஊர்க் கொடைதான். பந்தலுக்குக் கால்நாட்டிவிட்டால் வீட்டில் கவுச்சி கிடையாது. எங்கள் மாமாதான் சாமியாடி. காப்புக் கட்டினபின் கொடை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டமாட்டார். கணியான் கூத்தில் பெண்வேஷக்காரர்கள் மகுடப் பறையின் அடிக்கு ஆடுவார்கள். சாமத்தில் கூத்துக்காரர் ஒருவர் தன் கையைக் கீறி இலையில் ரத்தம் விடுவார். அதையும் கிடா ரத்தத்தையும் சோற்றில் பிசைந்து உருட்டுவதுதான் திரளை. மாமா இடுப்பில் சல்லட உடுப்பைக் கட்டி, ஒரு கையில் பந்தமும் மறு கையில் திரளையுமாகச் சுடுகாட்டு வேட்டைக்குக் கிளம்புவார். கூட்டம் ஓடைக்கரையோடு நின்றுவிடும். அதற்கப்பால் மாமா மட்டும்தான். திரளையை வானத்தில் எறிவார். கீழே விழாது, சுடலை வாங்கிக்கொள்வான் என்பார்கள். மறுநாள் காலை ஒதுங்கப்போன நான் ஓடைக்கு அப்பால் முள்ளடர்ந்த உடைமரத்தடியில் அதைப் பார்த்தேன். எறும்பு மொய்த்துக் கிடந்தது. சுடலைக்கு அன்றைக்குப் பசியில்லை போல."

விருப்பக்குறிகள் மளமளவென்று விழுந்தன. "கண்ணு கலங்கிட்டு", "ஆச்சி ஞாபகம் வந்துட்டு" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். இடையில் மஸ்கட்டிலிருந்து பலவேசம் கேட்டான்.

"எந்த வருசம் அண்ணாச்சி?"

வார்ப்பட்டை வெட்டிக்கொண்டே பதில் போட்டான். "மும்பை வெள்ளத்துல முங்குச்சுல்லா, அந்த வருசம். அது வடிஞ்சுதான் ஊருக்கு வந்தோம்."

மறுநாள் பலவேசம் எழுதியிருந்தான். "அந்தக் கொடை முடிஞ்சுதான் எங்க அண்ணன் செத்தான்."

வெட்டுக்கத்தி சுடலைக்கண்ணன் கையில் நின்றது. பலவேசத்தின் அண்ணனுக்கு அந்தக் கொடை இரவில் கடும் காய்ச்சல். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கப்போன தாயை மாமாதான் மறித்தார். சல்லடத்தோடு நின்று, "திரளை மேல போயிட்டு. சுடலை ஏத்துக்கிட்டான். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று வாக்குச் சொன்னார். தாய் திருநீற்றை வாங்கிப் பூசிவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பினாள். ஊரே அறிந்த கதை. வாக்குப் பலிக்காததற்கு அந்த வீட்டின் தீட்டுதான் காரணம் என்று ஊர் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. திரளை விழுந்து கிடந்ததென்றால் அந்த வாக்கே பொய்.

கீழே இன்னொரு கேள்வி இருந்தது.

"உங்க மாமா இப்பவும் ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாத்தான் போறாரா?"

பதிவை அழித்தான். பக்கத்து மிஷினில் இருந்த ஊர்க்காரன் சலாவுதீன் எட்டிப் பார்த்தான்.

"அழிச்சு என்னவே செய்ய? தோகாவுல இருக்கிற எங்க மச்சான் நேத்தே அத போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பிட்டான். உங்க மாமா எங்க நிப்பாரு, எப்படிப் போவாருன்னு வழிகூடப் போட்டுக் குடுத்திருக்கீரு. மேப்புல இவ்வளவு தெளிவா இருக்காது."

சுடலைக்கண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவுக்குப் போன் போட்டான். பின்னால் பந்தலுக்கு மூங்கில் இறக்கும் சத்தம்.

"மாமா, இந்தக் கொடைக்கு வேற யாரையாவது ஆடச் சொல்லுங்க. நீங்க இங்க வந்துருங்க."

"காப்புக் கட்டியாச்சு மருமவனே. எல்லையத் தாண்டலாமா?"

"நீங்க தனியாப் போறதப் பத்திப் பலவேசம் கேக்கான் மாமா."

"தெரியும். நீ எழுதினத இங்க எல்லாரும் வாசிச்சுட்டாவ."

"அப்பம் ஓடைக்கு அந்தப் பக்கமாவது துணைக்கு ரெண்டு ஆளக் கூட்டிட்டுப் போங்க."

"துணையோட போனா சாமி பொய்யின்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரில்லா ஆயிரும்? நீ ஒருத்தன் சொன்னது போதும்."

போன் அறுந்தது.

சாயங்காலம் பட்டறை வாசலில் நிழல் தட்டியது. பலவேசம். விமானத்திலிருந்து நேராக வந்திருந்தான். பை தோளிலேயே இருந்தது. கத்தவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"நாகர்கோவில் வண்டிக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன் அண்ணாச்சி. எனக்கு ஓடைக்கரை தெரியும். அந்த உடைமரம்தான் தெரியாது. நீங்க வந்து காட்டணும்."

"வரலைன்னா?"

"தேடிக்கிடுவேன்."

சலாவுதீன் மிஷினை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுடலைக்கண்ணன் கத்தியைத் துடைத்துப் பலகையில் வைத்தான். பலவேசத்தின் கண் அந்தக் கத்தியில் சற்று நேரம் தங்கியது. சுடலைக்கண்ணன் அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியைச் சலாவுதீனிடம் எறிந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு பலவேசத்தின் பின்னால் இறங்கினான். எந்த மரம் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மாமாவுக்கும் பலவேசத்துக்கும் நடுவில் நிற்க அவனை விட்டால் வேறு ஆளும் இல்லை.